விடைபெறும் சக ஊழியருக்கு ஒரு வீடியோ: சிரிப்பில் தொடங்கி மனதைத் தொட்டு முடிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்த அக்கா இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறார். நாங்கள் 18 பேர். வீடியோ செய்து கொடுக்கலாம் என்று முடிவாகி, பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சிரிக்க வைக்கும் பழைய நினைவுகள், ஆளுக்கு ஒரு சின்ன வாழ்த்து, கடைசியில் மனசைத் தொடுகிற மாதிரி ஒரு முடிவு, இவ்வளவும் வேண்டும். கையில் இருப்பது செல்போன்தான். பத்து நாள் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

பத்து நாளில் முதல் இரண்டு நாள் செல்போனில் எதையும் எடுக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, 18 பேரில் ஐந்தாறு பேரிடம் மட்டும் போய், டீ நேரத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். அந்த அக்காவைப் பற்றி எந்தக் கதை வந்தாலும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவின் தரம் பெரும்பாலும் இந்த நோட்டில்தான் தீர்மானமாகிறது. நான் திருப்பூரில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். கம்பெனி விழாக்களுக்கும் வேலை செய்வேன். வழியனுப்பு வீடியோ என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான பொருளைத்தான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இருபது பேர் சுவர் முன்னால் நின்று, "ரொம்ப நல்லவங்க, ரொம்ப ஹெல்ப் பண்ணுவாங்க, மிஸ் பண்றோம், ஆல் தி பெஸ்ட்" என்று சொல்லியிருப்பார்கள். ஒவ்வொருவரும் உண்மையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான்காவது ஆளுக்கு மேல் யார் சொன்னார் என்பதே நினைவில் நிற்காது. அதை எந்த எடிட்டிங்காலும் சரி செய்ய முடியாது.

தவறு பேசியவர்களுடையது அல்ல. "அவங்களப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்கும் அந்த நான்கு வாக்கியங்கள்தான் வரும். கேள்வி சின்னதாக, ஒரு பொருளையோ ஒரு நாளையோ தொடுவதாக இருக்க வேண்டும். அவங்க மேஜையில் எப்பவும் இருக்கிற பொருள் எது? ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லுகிற வாக்கியம் எது? உங்களுக்கு அவங்க கற்றுக்கொடுத்த ஒரே ஒரு வேலையைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? அவங்களுக்குக் கோபம் வந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். இந்த நான்கும் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். உங்கள் அலுவலகத்துக்கே உரிய இரண்டு கேள்விகளை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேலையை முழுதாகவே சொல்கிறேன், அதை வைத்துப் பேசினால் எல்லாம் விளங்கும். இங்கே ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்த ஓர் அக்கா, கணவருக்கு மாற்றல் ஆனதால் பெங்களூரு கிளம்பினார். ஆபீஸ், ஸ்டோர், செக்கிங் எல்லாம் சேர்த்து 19 பேர் பேச வேண்டும் என்றார்கள். நோட்டு வேலையில் முதல் நாளே இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம்: "ஒரு தடவ வெயில்ல பாத்துருங்க." சாயம் போட்டு வந்த துணி டியூப்லைட்டில் ஒரு நிறமாகவும் வெளியே வெயிலில் வேறொரு நிறமாகவும் தெரியும். நிறம் பார்க்கவென்றே விளக்குப் பெட்டி இருந்தாலும், இவர் யார் எந்தத் துணியைக் கொண்டுவந்தாலும் வாசலுக்கு அனுப்பிவிடுவார். இரண்டாவது, லாரியைத் துரத்திய கதை.

கதை இதுதான். தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரி மாலையில் கிளம்பிவிட்டது. பேக்கிங் லிஸ்ட் மேஜையிலேயே இருந்துவிட்டது. மழை. இந்த அக்கா அந்தத் தாள்களை டிபன் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டோர் அண்ணனின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து தாராபுரம் சாலையில் விரட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவிநாசிபாளையம் டீக்கடை வாசலில் லாரி நிற்கிறது, டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். முழுக்க நனைந்து போய் இவர் பையை நீட்டியதும் டிரைவர், "ஏனுங்க, ஒரு போன் பண்ணியிருந்தா நானே நின்னிருப்பேனே" என்றாராம். டிரைவரின் நம்பர் அந்தப் பேக்கிங் லிஸ்ட் கவர் மேலேயே எழுதியிருந்தது. போனும் கைப்பையில்தான் இருந்தது.

இந்தக் கதையை வீடியோவுக்கு எடுக்கலாமா என்று முடிவு செய்ய நான் ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன்: இந்தக் கதையை அவரே டீ நேரத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாரா? லாரிக் கதையைப் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அவரே சொல்வாராம். அப்படியென்றால் எடுக்கலாம். அவர் இல்லாதபோது மட்டும் மற்றவர்கள் சொல்லிச் சிரிக்கிற கதை என்றால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உடம்பு, நிறம், கல்யாணம், சம்பளம், மேலதிகாரியிடம் திட்டு வாங்கியது, இவை எதுவும் வேண்டாம். வேறோர் இடத்தில் ஒருவர் மீட்டிங்கில் தூங்கியதை மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொல்வதை நான் எடிட் செய்து கொடுத்தேன். அலுவலகத்துக்குள் அது பல வருட வேடிக்கை. திரையிட்ட அன்று முதல் வரிசையில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். மகன் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து, குடும்பத்தினர் யார் வருகிறார்கள் என்று கேட்காமல் நான் வேடிக்கைப் பகுதியைத் தொடுவதில்லை. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கதைகள் எத்தனை வேண்டும்? ஆறு நிமிட வீடியோவுக்கு ஒரு பெரிய கதையும் இரண்டு சின்னதும் போதும். மொத்தம் ஆறு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. 18 பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால் 18 நிமிடம் ஆகிவிடும், ஏழாவது நிமிடத்தில் பின்வரிசையில் செல்போன் வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும். நான் பிரிக்கிற கணக்கு தோராயமாக இப்படி: தொடக்கம் அரை நிமிடம், வேடிக்கை நினைவுகள் இரண்டரை நிமிடம், சின்ன வாழ்த்துகள் ஒன்றரை நிமிடம், கடைசிப் பகுதி ஒன்று முதல் ஒன்றேகால் நிமிடம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் நன்றாகச் சிரித்த கூட்டம்தான் கடைசியில் அமைதியாகக் கேட்கும். தொடக்கத்திலேயே உருக்கமாகப் போனால் நடுவில் வரும் வேடிக்கைக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று எல்லோரும் தயங்குவார்கள்.

இனி எடுக்கிற விஷயம். செல்போனைப் படுக்கை வாக்கில் வையுங்கள். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை அதே வாக்கில் இருக்கட்டும். கையில் பிடிக்காமல் ஒரு சின்ன ஸ்டாண்டிலோ, ஃபைல்களை அடுக்கி அதன் மேலோ, பேசுகிறவரின் கண் உயரத்துக்கு வையுங்கள். ஆளை ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்து, ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டியூப்லைட்டை மட்டும் நம்பினால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில போன்களின் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மெதுவாக ஓடும். எடுக்கும்போது சின்னத் திரையில் கவனிக்கத் தவறிவிடுவோம், பெரிய டிவியில் போட்டதும் கண்ணை உறுத்தும். பகல் வெளிச்சத்தில் அந்தத் தொல்லையே இல்லை.

படத்தைவிட ஒலியில்தான் இந்த வீடியோக்கள் கெட்டுப்போகின்றன. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், பேச்சு புரியாவிட்டால் அந்த ஆளின் வாழ்த்தே வீணாகிவிடும். ஃபேனை நிறுத்துங்கள், ஏசியையும் அந்த இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். அப்புறம் இன்னொரு செல்போனில் குரல் பதிவை ஓடவிட்டு, பேசுகிறவரின் சட்டைப் பையிலோ மடியிலோ வையுங்கள். பேச ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை கைதட்டச் சொல்லுங்கள். எடிட் செய்யும்போது அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திக்கொள்ளலாம். கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் அறை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலிக்கும். பனியன் கம்பெனியில் நாங்கள் எடுத்த இடம் துணி ஸ்டோர். சுற்றிலும் துணி ரோல்கள் அடுக்கியிருந்ததால் எதிரொலி சுத்தமாக இல்லை, தையல் மிஷின் சத்தமும் உள்ளே வரவில்லை. உங்களிடம் திரைச்சீலை போட்ட அறையோ, ஃபைல் அலமாரிகள் நிறைந்த ரெக்கார்டு ரூமோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

எடுக்கும்போது பதிலை முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். வீடியோவில் உங்கள் கேள்வி இருக்காது. "அவங்க மேஜையில என்ன இருக்கும்?" என்று நீங்கள் கேட்டு, அவர் "முறுக்கு டப்பா" என்று மட்டும் சொன்னால், வெட்டிய பிறகு அது எதைப் பற்றி என்றே தெரியாது. "அக்கா மேஜையில எப்பவும் ஒரு முறுக்கு டப்பா இருக்கும்" என்று சொன்னால் தனியாக நிற்கும். எழுதி வைத்துப் படிக்க விடாதீர்கள். கண் ஒரு பக்கமாக ஓடுவது அப்படியே தெரியும். கூச்சப்படுகிறவர்களிடம் கேமராவைப் பார்க்க வேண்டாம், என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, நீங்கள் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் அவசரமில்லாமல் எடுக்கலாம்.

வெளியூரில் இருக்கிறவர்கள், ஏற்கனவே வேலையை விட்டுப் போன பழைய நண்பர்கள் தாங்களே எடுத்து அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோவாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும், பெரிய டிவியில் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். இணைப்பில் 'டாக்குமெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்த தரத்திலேயே வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது தடவை அனுப்பச் சொன்னால் பாதிப்பேர் முதல் வீடியோவை போனிலிருந்து அழித்திருப்பார்கள். கெடு தேதியையும் உண்மையான தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள்.

இப்போது லாரிக் கதையை எப்படி வெட்டினோம் என்று சொல்கிறேன், வேடிக்கைப் பகுதியின் சூட்சுமம் அதில் இருக்கிறது. ஒரே ஆள் முழுக் கதையையும் சொன்னால் அது பேச்சாகத்தான் இருக்கும். நாங்கள் மூன்று பேரிடம் தனித்தனியாக முழுக் கதையையும் சொல்லச் சொல்லி எடுத்தோம். மேஜையில் தாள் கிடந்ததைப் பார்த்த ஜூனியர் பெண், வண்டி ஓட்டிய ஸ்டோர் அண்ணன், இரண்டு பேரும் நனைந்து திரும்பி வந்ததைப் பார்த்த வாட்ச்மேன் ஐயா. பிறகு அவரவர் கண்ணால் பார்த்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டோம். ஜூனியர் பெண், "தாளப் பாத்ததும் அக்கா மூஞ்சி வெளுத்துப் போச்சு" என்பார். உடனே ஸ்டோர் அண்ணன், "வண்டிய எடுங்கண்ணான்னாங்க. பெட்ரோல் இருக்கான்னு நான் பாக்கறதுக்குள்ள பின்னாடி ஏறி உக்காந்துட்டாங்க" என்பார். இப்படி மாறி மாறி ஓடி, டீக்கடை வந்ததும் டிரைவர் சொன்ன வாக்கியத்தை ஸ்டோர் அண்ணன் சொல்லுவார். அதற்கு அடுத்து யாரும் பேசவில்லை. வாட்ச்மேன் ஐயா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற இரண்டு நொடி, அவ்வளவுதான், கதை முடிந்தது. அந்தச் சிரிப்பு அவர் கதை சொல்லி முடித்த பிறகு வந்தது. அதற்காகத்தான் பேசி முடித்ததும் பதிவை நிறுத்தாமல் ஐந்து நொடி ஓடவிட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்வேன்.

கதையின் உச்சி வந்ததும் வெட்டிவிட வேண்டும். "அந்த அளவுக்கு அவங்களுக்கு வேலை மேல அக்கறை" என்று ஸ்டோர் அண்ணன் அடுத்ததாகச் சொன்னார். உண்மைதான், ஆனால் அதை எடுத்துவிட்டேன். மழையில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனதைக் கேட்ட எல்லோருக்கும் அது ஏற்கனவே புரிந்துவிட்டது.

சின்ன வாழ்த்துகளுக்கு வருவோம். இங்கே எல்லோரும் வந்தாக வேண்டும். விட்டுப்போன ஒருவரின் வருத்தம் அக்கா கிளம்பிய பிறகும் அலுவலகத்தில் இருக்கும். ஆளுக்கு ஐந்து ஆறு நொடி, அதாவது ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை அவரவர் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதே சொல்லில் தொடங்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு அக்கா, ஒருவருக்கு மேடம், ஒருவருக்கு வெறும் பெயர், பனியன் கம்பெனி அக்கா செக்கிங் அம்மாக்களுக்குக் 'கண்ணு'. ஒரே மனுஷியை இத்தனை விதமாகக் கூப்பிடுவதைத் தொடர்ச்சியாகக் கேட்கும்போது, ஒன்பது வருடம் ஒரு இடத்தில் இருந்தது என்றால் என்ன என்று தானாகவே தெரியும். அப்புறம் ஒரே ஒரு தடை: "ஆல் தி பெஸ்ட்" என்ற சொல்லை முதலில் வருகிற ஒருவருக்கு மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் வேறு எதையாவது சொல்லட்டும். "அக்கா, உங்க ஸ்டேப்ளர் என்கிட்டதான் இருக்கு, தரமாட்டேன்" என்று ஒரு பையன் சொன்னான். அந்த ஐந்து நொடி எந்த வாழ்த்துக்கும் குறைந்ததல்ல.

வேடிக்கைப் பகுதியிலிருந்து வாழ்த்துக்குப் போகிற இடத்தில் ஒரு பாலம் தேவைப்படும். அதற்கு அந்த வாக்கியத்தைப் பயன்படுத்தினோம். பதினாலு பேரிடம், "அக்கா சொல்ற மாதிரியே சொல்லிக் காட்டுங்க" என்று கேட்டு, "ஒரு தடவ வெயில்ல பாத்துருங்க" என்பதை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினோம். ஒவ்வொன்றும் இரண்டு நொடி. ஒருவர் கையை நெற்றியில் வைத்துச் சொன்னார், ஒருவர் அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே செய்தார். உங்கள் அக்காவுக்கும் அப்படி ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கும். முதல் இரண்டு நாள் நோட்டில் அது மூன்று பேரிடமிருந்தாவது வந்திருக்கும், பாருங்கள்.

எடிட்டிங் மென்பொருள் எது என்று பெரிதாக யோசிக்க வேண்டாம். வெட்ட, வரிசை மாற்ற, ஒலியைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் போதும், செல்போன் செயலியே செய்யும். பக்கம் புரள்வது, இதயம் பறப்பது போன்ற மாற்றங்கள் எதுவும் வேண்டாம், நேர் வெட்டு மட்டும். ஒவ்வொருவரின் குரலையும் தனித்தனியாகக் கேட்டுச் சமமாக்குங்கள். ஒருவர் முணுமுணுப்பார், அடுத்தவர் கத்துவார், ரிமோட்டை வைத்துக்கொண்டு அன்றைக்கு யாரும் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க முடியாது. பின்னணி இசை பாட்டு வரிகள் இல்லாததாக, ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், பேச்சு வரும்போது இசை இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்குக் குறைத்துவிடுங்கள். சினிமாப் பாட்டைப் போட்டால் கூட்டம் பாட்டின் வரிகளுக்குள் போய்விடும். யூடியூபில் ஏற்றி அவருக்கு இணைப்பு அனுப்பலாம் என்று நினைத்தால் உரிமைக் கோரிக்கையும் வந்து நிற்கும்.

பெயர்களைத் தமிழில் போடுவதானால் ஒரு எச்சரிக்கை. சில செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், 'கொ' உடைந்து தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி தள்ளிப் போய் நிற்கும். எல்லாப் பெயர்களையும் போட்டு முடித்த பிறகு கண்டுபிடித்தால் ஒரு இரவு போய்விடும். முதலில் ஒரே ஒரு பெயரைப் போட்டு, ஐந்து நொடி வீடியோவாக வெளியே எடுத்துப் பாருங்கள். உடைந்தால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் பெயர்களைப் படமாகச் செய்து மேலே வைத்துவிடலாம்.

இப்போது நீங்கள் கேட்ட முடிவு. இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள், அதுவும் அன்பு மிகுதியால். அவருடைய பெரிய புகைப்படம், கறுப்புப் பின்னணி, மெதுவாக மங்குகிற படம், புல்லாங்குழல், கீழே சேர்ந்த வருடமும் போகும் வருடமும் நடுவில் ஒரு கோடு. இதை எடுத்து வைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், நம் ஊரில் இது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். காலி நாற்காலியைக் காட்டுவதும் அப்படித்தான். நல்லபடியாக வேறு ஊருக்குப் போகிற ஒருவருக்கு, அவர் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இதைக் காட்ட வேண்டாம். வருடங்களைச் சொல்ல வேண்டுமென்றால் 'ஒன்பது வருடம்' என்று எழுதுங்கள், கோடு போடாதீர்கள்.

கடைசிப் பகுதி ஒரே ஒரு ஆளிடம் போகட்டும். அவர் நிர்வாக இயக்குநராக இருக்க வேண்டிய அவசியமில்லை, பெரும்பாலும் இருக்கவும் கூடாது. நிர்வாகத்தின் வார்த்தையை வாழ்த்துகளின் முதலிலேயே மரியாதையாக வைத்துவிடுங்கள். முடிவுக்கு வர வேண்டியவர், அந்த அக்கா போனால் யாருடைய அன்றாடம் மாறுமோ அவர். பக்கத்து மேஜைக்காரராக இருக்கலாம், அவரிடம் வேலை கற்றவராக இருக்கலாம், டீ கொண்டுவருகிறவராக இருக்கலாம். அவரைக் கடைசியாக எடுங்கள், மற்ற கேள்விகளைக் கேட்டுப் பேச்சு இயல்பான பிறகு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அவங்க போனப்புறம் வர்ற முதல் திங்கட்கிழமை காலையில், நீங்க முதல்ல கவனிக்கப் போறது என்ன?" கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகும். அந்த அமைதியை நிரப்ப வேண்டாம்.

பனியன் கம்பெனியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது செக்கிங் பிரிவில் இருந்த வயதான ஓர் அம்மாவை. அந்தக் கேள்வியைக் கேட்டதும் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அவ வந்தா கதவ இழுத்துச் சாத்த மாட்டா, பாதியில உட்ருவா. அது மெதுவாத் தானே வந்து சாத்திக்கும். அந்தச் சத்தம் கேட்டா மணி ஒன்பதுன்னு எனக்குத் தெரியும். திங்கக்கிழம யாராவது கதவப் பாதியில உட்டா நான் திரும்பிப் பாப்பேன். கண்ணு இல்லைன்னு தெரிஞ்சும் பாப்பேன்." இதில் ஒரு சொல்லையும் நாங்கள் தொடவில்லை. பின்னணி இசையை அதற்குப் பத்து நொடி முன்னாலேயே மெல்லக் குறைத்து முழுக்க நிறுத்திவிட்டோம், அமைதியாக இருந்த நேரத்தில் நான்கு நொடியை அப்படியே வைத்தோம். அவர் சொல்லி முடித்து மறுபடி துணியை மடிக்க ஆரம்பித்ததும், அந்த அலுவலகக் கதவு பாதியில் விடப்பட்டுத் தானாக வந்து சாத்திக்கொள்வது ஒரு ஷாட். அந்தச் சத்தத்தோடு வீடியோ முடிந்தது. 'நன்றி', 'வாழ்த்துகள்' என்று எந்த எழுத்தும் போடவில்லை. கதவை எடுக்க வேண்டும் என்று அந்த அம்மா பேசிய பிறகுதான் தெரிந்தது, மறுநாள் காலையில் போய் எடுத்தோம். அதனால்தான் முடிவுக்கான ஆளை எட்டாம் நாள் வரை தள்ளாமல், ஆறாம் நாளுக்குள் எடுத்துவிடச் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் மாலை, எல்லோரும் போன பிறகு, விழா நடக்கிற அதே இடத்தில், அதே டிவியில், அதே பென்டிரைவில் முழுதாக ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வீடியோவை வெளியே எடுக்கும்போது H.264, MP4, 1080p என்று வையுங்கள். புதிய போன்கள் பயன்படுத்தும் H.265 வகையைப் பழைய டிவிகள் சில திறக்காது, ஒலி மட்டும் வரும் அல்லது எதுவுமே வராது. டிவியின் சொந்த ஸ்பீக்கர் 18 பேர் உட்கார்ந்த அறைக்குப் போதாது. புளூடூத் ஸ்பீக்கரை இணைத்தால் பல நேரம் உதட்டசைவுக்குப் பின்னால் குரல் வரும், ஆகவே வயர் வைத்து இணையுங்கள். கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள், அங்கே வார்த்தை புரிந்தால் சரி.

விழாவில் வீடியோவை எப்போது போடுவது என்பதையும் நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த அக்கா பேசி முடித்த பிறகு போடச் சொல்லுங்கள். வீடியோ முடிந்தவுடன் மைக்கைக் கையில் கொடுத்து "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றால் அவரால் பேச முடியாது, எல்லோர் முன்னாலும் அவரைத் தவிக்க விடுவதாகிவிடும். விளக்கையும் உடனே போட வேண்டாம், அரை நிமிடம் போகட்டும்.

இன்னொன்று, வெட்டி எறிந்ததை அழித்துவிடாதீர்கள். 18 பேரும் பேசிய முழுப் பதிவையும், ஆள்வாரியாகப் பெயர் போட்டு, வீடியோவோடு சேர்த்து ஒரு பென்டிரைவில் அவருக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, சோதனையில் தேறாத கதைகளை மட்டும் எடுத்துவிடுங்கள். பெங்களூரு போன அக்கா இரண்டு மாதம் கழித்து எனக்கு போன் செய்தார். ஆறு நிமிட வீடியோவைப் பற்றி அதிகம் பேசவில்லை. செக்கிங் அம்மா மொத்தம் பதினோரு நிமிடம் பேசியிருந்தார், வீடியோவில் வந்தது ஒரு நிமிடம்தான். மீதிப் பத்து நிமிடத்தில் ஓரிடத்தில் ஒலி குறைவாக இருக்கிறது, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். மடியில் வைத்த போனில் பதிவான குரலை எடுத்து, கூட்டி, அனுப்பி வைத்தேன்.